பிர்காவில் நின்றுபோன பட்டா மனு

வாசகியின் கேள்வி:

"எங்கள் அப்பா 1996-ல் சர்வே எண் 142/3-ல் 1 ஏக்கர் 20 சென்ட் கிரயம் வாங்கினார். அந்த எண்ணின் மொத்தப் பரப்பு 2.85 ஏக்கர். பட்டா இன்னமும் விற்றவர், அவருடைய அண்ணன் இருவர் பெயரில் கூட்டுப் பட்டாவாகவே இருக்கிறது. இருவரும் இப்போது உயிரோடு இல்லை. மீதி நிலத்தை அண்ணன் பிள்ளைகள் பயிர் செய்கிறார்கள். எங்களோடு தகராறு இல்லை. அப்பா மூன்று வருடம் முன்பு காலமானார். அம்மா, நான், தம்பி மூவரும் வாரிசுகள். இ-சேவை மையத்தில் பட்டா மாற்றத்துக்கு மனு போட்டேன், நிராகரித்துவிட்டார்கள். வி.ஏ.ஓ. 'பிர்காவில் பாருங்கள்' என்கிறார். ஆர்.ஐ. 'தாலுகாவில்தான் முடியும்' என்கிறார். பத்திரத்தில் பழைய தாலுகா பெயர் இருக்கிறது. எங்கள் பிர்கா இப்போது புதிய தாலுகாவில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் வேண்டும் என்கிறார் பத்திர எழுத்தர். விற்றவரே இல்லாதபோது யார் கையெழுத்துப் போடுவது? ஆர்.ஐ. மனது வைத்தால்தான் பட்டா கிடைக்குமா? நேராகக் கலெக்டரிடம் போகலாமா? நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது."

— காவிரிப் படுகை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நிலம் கைவிட்டுப் போகாது. உங்கள் அப்பாவுக்கு அந்த நிலத்தில் உரிமை வந்தது 1996-ல் பதிவான கிரயப் பத்திரத்தால். அன்று முதல் அனுபவமும் உங்கள் குடும்பத்திடம்தான் இருக்கிறது. பட்டா என்பது வருவாய்த் துறை தன் கணக்கில் யார் பெயரை எழுதி வைத்திருக்கிறது என்பதைக் காட்டும் ஆவணம். அந்தப் பெயர் மாறாததால் உங்கள் உரிமை அழிந்துவிடாது. ஆனால் பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும் பட்டாவை வைத்து மற்றவர்கள் அந்த நிலத்தை அடமானம் வைக்கவோ விற்கவோ முயல முடியும். அதனால் அவசரப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

நீங்கள் இணைத்து அனுப்பிய நிராகரிப்புக் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: கிரயம் பெற்றது புல எண்ணின் ஒரு பகுதி, எனவே உட்பிரிவு தேவை. புல எண் என்பது சர்வே எண்தான். அதில் ஒரு பகுதியை அளந்து பிரித்துத் தனி எண் கொடுப்பது உட்பிரிவு. உங்கள் சிக்கலின் முக்கால் பங்கு அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. இது ஏன் எழுதப்பட்டது என்று புரிய வேண்டுமானால், கிராமத்துக்கும் தாலுகாவுக்கும் நடுவில் பிர்கா என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நடுவில் இருக்கும் அந்த அடுக்கு

நிலக் கணக்கின் அடித்தட்டு வருவாய் கிராமம். அங்கே 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவை கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பில் இருக்கின்றன. இந்த வருவாய் கிராமத்தை ஊராட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் இருக்கலாம். ஊராட்சி, ஒன்றியம், பி.டி.ஓ. என்பது வேறு வரிசை. பட்டா வேலையில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

இப்படிப்பட்ட பல வருவாய் கிராமங்கள் சேர்ந்தது பிர்கா. அரசுக் கடிதங்களில் குறுவட்டம் என்றும் உள்வட்டம் என்றும் வரும், மூன்றும் ஒன்றே. இதன் பொறுப்பாளர் வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ. பல பிர்காக்கள் சேர்ந்தது வட்டம் என்னும் தாலுகா, தலைமை வட்டாட்சியர். அதற்கு மேலே கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர், ஆட்சியர். இணையத்தில் தேடும்போது பக்கத்து மாநிலச் செய்திகளைப் படித்துக் குழம்பிவிடாதீர்கள். கர்நாடகத்தில் இந்த அடுக்குக்கு ஹோப்ளி என்று பெயர். ஆந்திரத்தில் 1985-ல் மண்டலங்கள் வந்தபோது பழைய தாலுகா, பிர்கா அமைப்பே மாறிவிட்டது. அங்குள்ள நடைமுறை நமக்குப் பொருந்தாது.

இங்கேதான் முதல் தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பட்டா கொடுக்கும் அதிகாரம் ஆர்.ஐ.யிடம் இருப்பதாக நினைத்திருக்கிறீர்கள். அவர் ஆணை போடுபவர் அல்லர். கிராமத்தில் எழுதப்படுவதை நேரில் பார்த்துச் சரிபார்த்து மேலே அறிக்கை அனுப்புபவர். உட்பிரிவு தேவைப்படாத பட்டா மாற்றத்தில் பொதுவாக ஆணை பிறப்பிப்பவர் தாலுகாவில் இருக்கும் மண்டல துணை வட்டாட்சியர். உட்பிரிவு உள்ளதில் வட்டாட்சியர். உங்கள் மனுவை ஆர்.ஐ. நிராகரிக்கவில்லை. உட்பிரிவு தேவை என்று அறிக்கை எழுதினார். அதை ஏற்று மேலே இருந்தவர் நிராகரித்தார். அந்த அறிக்கையில் தவறும் இல்லை. 2.85 ஏக்கரில் 1.20 ஏக்கர் மட்டும் வாங்கிய ஒருவரை, நிலத்தை அளக்காமல் தனியாகக் கணக்கில் ஏற்ற வழியில்லை.

அறிக்கைதானே என்று ஆர்.ஐ.யைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. தாலுகாவில் ஆணை போடுபவர் உங்கள் வயலைப் பார்த்திருக்க மாட்டார். பிர்காவிலிருந்து வரும் அறிக்கைதான் அவருக்குக் கண். 1980-க்கு முன்பு பரம்பரைக் கர்ணம் இருந்த காலத்தில், எந்த வரப்பு யாருடையது என்று கிராமத்திலேயே ஒருவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, மாறுதலுக்கு உட்பட்ட கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அது நல்ல மாற்றம் என்பதே என் கருத்து. ஒரே குடும்பத்தின் கையில் ஊர்க் கணக்கு மொத்தமும் இருந்ததால் நடந்த அநியாயங்களைப் பழைய வழக்குக் கட்டுகளில் நிறையவே படித்திருக்கிறேன். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த அலுவலர் எழுதுவதை இன்னொருவர் நேரில் சரிபார்க்க வேண்டிய தேவை அதிகமானது. அந்தப் பொறுப்பு பிர்காவிடம் இருக்கிறது.

பிர்காவில் இருப்பவர்கள் இருவர்

வி.ஏ.ஓ. உங்களைப் பிர்காவுக்கு அனுப்பினார், ஆர்.ஐ. தாலுகாவுக்கு அனுப்பினார். இரண்டு பேரும் உங்களை அலைக்கழிப்பதாகத் தோன்றியது இயல்பு. ஆனால் இருவரும் சொன்னது ஒருவகையில் உண்மை. பிர்கா மட்டத்தில் உங்கள் வேலைக்கு வேண்டியவர் ஆர்.ஐ. அல்ல, குறுவட்ட அளவர். பிர்கா சர்வேயர் என்று சொல்வார்கள்.

இவர் ஆர்.ஐ.க்குக் கீழே வேலை செய்பவர் அல்லர். நில அளவைத் துறையைச் சேர்ந்தவர். தாலுகா அலுவலகத்தில் இருக்கும் நில அளவைப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆர்.ஐ. யார் நிலத்தை அனுபவிக்கிறார், ஆட்சேபணை உண்டா, புறம்போக்கு கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். சங்கிலி பிடித்து அளக்க மாட்டார். அளவர் அளப்பார், யாருக்கு உரிமை என்று தீர்மானிக்க மாட்டார். உட்பிரிவு மனு என்றால் கோப்பு அளவரிடம் போகிறது. அங்கிருந்து தாலுகாவின் நில அளவைப் பிரிவில் சரிபார்க்கப்பட்டு வட்டாட்சியருக்கு ஏறுகிறது. உரிமை பற்றி விசாரிக்க வேண்டியிருந்தால்தான் ஆர்.ஐ.யின் அறிக்கை கேட்கப்படும். நீங்கள் போட்டது உட்பிரிவு இல்லாத மனு. அது அளவரிடம் போகவே போகாது. எத்தனை முறை ஆர்.ஐ. அலுவலகத்துக்கு நடந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

தாலுகா பெயர் மாறியது பிழையா?

இல்லை. பிழைத்திருத்தல் பத்திரம் உங்களுக்குத் தேவையில்லை. எழுதும்போதே தவறாக எழுதப்பட்டதைத் திருத்தத்தான் அது. 1996-ல் உங்கள் கிராமம் பழைய தாலுகாவில்தான் இருந்தது. பத்திரம் அன்றைய உண்மையைச் சொல்கிறது. பின்னால் அரசு எல்லையை மாற்றினால் அதற்கு முன் எழுதிய பத்திரங்கள் எல்லாம் பிழையாகிவிடாது. அப்படி ஆகுமென்றால் கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஒருவர் பத்திரமும் செல்லாமல் போயிருக்கும். அங்கே 1993-க்கு முந்தைய பத்திரங்களில் தென்னார்க்காடு மாவட்டம் என்றிருக்கும். அதன் பிறகு விழுப்புரம். 2019 நவம்பருக்குப் பிறகு கள்ளக்குறிச்சி. நிலம் அதேதான். உங்கள் பக்கத்திலேயே நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டமானது. அங்கும் இதே நிலைமைதான்.

ஒரு தாலுகாவைப் பிரிக்கும்போது பெரும்பாலும் பிர்கா பிர்காவாகத்தான் எடுத்துப் புதிய தாலுகாவில் சேர்க்கிறார்கள். சில சமயம் ஒரு பிர்காவிலிருந்து சில கிராமங்களை மட்டும் பிரித்துப் புதுப் பிர்கா உண்டாக்குவதும் உண்டு. எப்படி மாற்றினாலும் வருவாய் கிராமத்தின் எல்லையும் அதற்குள் இருக்கும் சர்வே எண்களும் தொடப்படுவதில்லை. நிலத்தை அடையாளம் காட்டுபவை கிராமப் பெயர், சர்வே எண், நான்கு எல்லைகள், பரப்பு. உங்கள் பத்திரத்தில் நான்கும் சரியாக இருக்கின்றன.

எந்த அலுவலராவது இதைக் காரணம் காட்டித் தயங்கினால், புதிய தாலுகா அமைக்கப்பட்ட அரசாணையின் நகலைக் கொடுங்கள். அதன் இணைப்பில் எந்தெந்தப் பிர்கா, எந்தெந்தக் கிராமம் மாற்றப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். தாலுகா அலுவலகத்திலேயே கிடைக்கும்.

தாலுகா பிரிந்ததால் நடைமுறையில் வரக்கூடிய சங்கடம் வேறொன்று. பழைய கோப்புகள் பல தாய் வட்டத்தின் பதிவறையிலேயே தங்கியிருக்கும். பழைய 'அ' பதிவேட்டின் நகலோ, முந்தைய பட்டா மாற்ற ஆணையோ வேண்டுமென்றால் புதிய அலுவலகத்தில் 'இங்கே இல்லை' என்பார்கள். அதை 'எங்குமே இல்லை' என்று எடுத்துக்கொள்ளாமல், பழைய தாலுகாவில் கேளுங்கள்.

சார்பதிவாளர் அலுவலக எல்லையும் பிர்கா எல்லையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாலுகா மாறியதால் பதிவு அலுவலகமும் மாறியிருக்கும் என்று கொள்ள வேண்டாம். வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்யுமுன் கிராமம் இப்போது எந்தச் சார்பதிவகத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முன்னே இருக்கும் இரண்டு வழிகள்

கூட்டுப் பட்டாவில் விற்றவரின் பெயரை நீக்கி உங்கள் மூவர் பெயரையும் சேர்க்கச் சொல்வது ஒரு வழி. அளவை வேண்டாம், சீக்கிரம் முடியும். ஆனால் பட்டாவில் அண்ணன் குடும்பமும் நீங்களும் கூட்டாகத்தான் இருப்பீர்கள். யாருடையது எந்தப் பக்கம் என்று அந்தப் பட்டா சொல்லாது. வங்கியில் பயிர்க் கடன் கேட்டால், மின் இணைப்புக் கேட்டால், வெள்ள நிவாரணம் கணக்கெடுத்தால் ஒவ்வொரு முறையும் மற்றவர்களின் கையெழுத்தோ ஒப்புதலோ கேட்பார்கள். இன்று தகராறு இல்லை என்கிறீர்கள். அடுத்த தலைமுறையிலும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பல அலுவலகங்களில் இந்த வழியை இப்போது ஏற்பதும் இல்லை. உங்களுக்கு வந்த நிராகரிப்பே அதற்குச் சாட்சி.

உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது இன்னொரு வழி. இதைத்தான் நான் சொல்வேன். அண்ணன் பிள்ளைகள் இணக்கமாக இருக்கும் இந்தக் காலமே அளப்பதற்கு ஏற்ற காலம்.

ஆனால் மனுப் போடுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விற்றவருக்கு அந்த 1.20 ஏக்கர் தனியாக எப்படி வந்தது? கூட்டாக இருந்த நிலத்தில், பாகம் பிரியாமலே அண்ணனைக் கேட்காமல் ஒரு மூலையை விற்றிருந்தால், வாங்கியவருக்குக் கிடைப்பது விற்றவரின் பங்குதான். குறிப்பிட்ட அந்த மூலை அல்ல. நல்லவேளையாக உங்கள் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில், 1978-ல் பதிவான பாகப்பிரிவினையில் தன் பாகத்துக்கு வந்த சொத்து என்று விற்றவர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் பாகம் அப்போதே பிரிந்துவிட்டது. பின் ஏன் பட்டா கூட்டாக இருக்கிறது? 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில், யு.டி.ஆர். என்பார்களே, அதில் இப்படி நிறைய நடந்தது. பாகப்பிரிவினையை யாரும் காட்டாததால் அண்ணன் தம்பி பெயர்களைச் சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

ஆகவே சார்பதிவகத்தில் அந்த 1978 பாகப்பிரிவினையின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். வாங்கியதும் அதில் என்ன சர்வே எண் இருக்கிறது என்று பாருங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய ஆவணம் என்பதால் உட்பிரிவு எண் வேறாக இருக்கலாம். வேறாக இருந்தால் பழைய எண்ணுக்கும் இன்றைய 142/3-க்கும் உள்ள தொடர்பைத் தாலுகா அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும். இதை மனுவோடு வைக்காவிட்டால், பிர்காவில் விசாரிக்கும்போது 'முன் ஆவணம் பொருந்தவில்லை' என்று மறுபடி திரும்பிவிடும்.

அளக்கும் நாளில் நடப்பது

மனுவைத் தமிழ்நிலம் இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ உட்பிரிவு உள்ளது என்ற வகையில் போடுங்கள். 1996 கிரயப் பத்திரம், 1978 பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். அப்பா பெயருக்கு ஒருமுறை மாற்றிப் பிறகு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியதில்லை. நேராக அம்மா, நீங்கள், தம்பி மூவர் பெயருக்கும் கேட்கலாம். வாரிசுச் சான்று இன்னும் வாங்கவில்லையென்றால் அதை முதலில் முடியுங்கள். அதுவும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து அறிக்கை அனுப்பி வட்டாட்சியர் கொடுப்பதுதான். இந்த வேலையில் ஆர்.ஐ.யின் விசாரணை நேரடியாக உங்களுக்குத் தேவைப்படும்.

மனு ஏற்கப்பட்டதும் அளவர் நாள் குறித்து உங்களுக்கும் பட்டாதாரர்களுக்கும் அறிவிப்பு அனுப்புவார். கூட்டுப் பட்டாதாரர்கள் இறந்துவிட்டதால் அண்ணன் பிள்ளைகளுக்கு அறிவிப்புப் போனதா என்பதை நீங்களே விசாரித்து உறுதிசெய்யுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அளந்து முடிந்த உட்பிரிவு, பின்னால் மேல்முறையீட்டில் கவிழும். அளக்கும் நாளில் அவர்களையும் வயலுக்கு வரச்சொல்லி, அளவு முடிந்ததும் அவர்களுடைய கையெழுத்தையும் வாங்கச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வருவாய்க் கணக்கில் ஏக்கர் இல்லை, ஹெக்டேரும் ஏரும்தான். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். உங்கள் சர்வே எண்ணின் 2.85 ஏக்கர், பட்டாவில் 1.15.5 என்றிருக்கிறது, 1 ஹெக்டேர் 15.5 ஏர். உங்கள் 1.20 ஏக்கர் 48.5 ஏர் அளவுக்கு வரும். உங்கள் பங்கு 0.48.5, மீதி 0.67.0 என்று இரண்டு உட்பிரிவுகள் உண்டாகும். 142/3A, 142/3B என்பதுபோல் எண் விழும். இரண்டையும் கூட்டினால் மறுபடி 1.15.5 வர வேண்டும். வராவிட்டால் தாலுகாவின் நில அளவைப் பிரிவே கோப்பைத் திருப்பிவிடும்.

வரப்பில் நிற்கும் அளவும் பத்திரத்தில் எழுதிய அளவும் ஒன்றாக இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கும். உங்கள் அனுபவத்தில் 1.14 ஏக்கர்தான் இருக்கிறது என்று அளவர் சொன்னால், அதற்காக அண்ணன் பிள்ளைகளிடம் 6 சென்ட்டுக்குச் சண்டை போட்டுவிடாதீர்கள். பத்திரத்தின் நான்கு எல்லைகளை முதலில் பாருங்கள். எல்லைகளும் பரப்பும் முரண்பட்டால் பொதுவாக எல்லைகளுக்குத்தான் நீதிமன்றங்கள் முன்னுரிமை தருகின்றன. எல்லை சரியாக இருந்து பரப்பு சற்றுக் குறைந்தால், இருக்கும் அளவுக்கே உட்பிரிவு செய்துகொள்வது நல்லது. வரப்பே நகர்ந்திருக்கிறது என்று எல்லைக் கல் காட்டினால் அது வேறு விஷயம். அப்போது அளவரின் வரைபட நகலை வாங்கிக்கொண்டு என்னைப் போன்ற ஒருவரிடம் நேரில் வாருங்கள்.

அண்ணன் பிள்ளைகள் அன்றைக்கு மனம் மாறி ஆட்சேபித்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லை பற்றிய ஆட்சேபணை என்றால் அளந்து தீர்க்கலாம். 'இந்த விற்பனையே செல்லாது' என்று உரிமை பற்றிச் சொன்னால், வட்டாட்சியரும் சரி ஆர்.ஐ.யும் சரி அதைத் தீர்மானிக்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். ஆர்.ஐ. உங்களுக்குச் சாதகமாக எழுதினாலும் அந்த இடத்தில் அது உதவாது.

கலெக்டரிடம் போனால்?

திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுப்பது உங்கள் உரிமை. ஆனால் அந்த மனு எங்கே போகும் என்று பாருங்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியர், அங்கிருந்து வட்டாட்சியர், அங்கிருந்து ஆர்.ஐ., அங்கிருந்து வி.ஏ.ஓ. என்று இறங்கி, அதே படிகளில் அறிக்கையாக ஏறும். மேலே எங்கே தட்டினாலும் கேள்வி பிர்காவுக்குத்தான் வந்து சேரும், ஏனென்றால் வயலைப் பார்க்கும் ஆள் அங்கேதான் இருக்கிறார். சரியான வகையில் போட்ட மனு நியாயமில்லாமல் கிடப்பில் கிடந்தால் ஆட்சியரிடம் போவது பலன் தரும். வகை தவறிய மனுவுக்கு அது நாளைத்தான் கூட்டும்.

அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். வருவாய்த் தீர்வாயம் என்று அறிவிப்பார்கள். ஜூன் 30-ல் முடியும் பசலி ஆண்டின் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வது அதன் வேலை. இன்ன நாள் இன்ன பிர்கா என்று அட்டவணை போட்டு நடத்துவார்கள். உங்கள் பிர்காவின் நாளில் உங்கள் கிராமக் கணக்கு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., வட்டாட்சியர், தீர்வாய அலுவலர் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அவரைப் பார், இவரைப் பார் என்று சொல்ல அன்று இடமில்லை. உட்பிரிவு அன்றே முடியாது. அளந்துதான் ஆக வேண்டும். ஆனால் கோப்பு யாரிடம், எதற்காக நிற்கிறது என்பதற்கு எல்லோர் முன்னிலையிலும் பதில் வாங்கலாம். உங்கள் பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம் மட்டும்தான் அச்சாகியிருக்கும், பிர்காவின் பெயர் இருக்காது. வட்டம் பிரிந்தபோது பிர்காவும் மாறியிருக்கக்கூடும் என்பதால், எந்தப் பிர்கா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொண்டு அந்த நாளில் போங்கள்.

மனுவின் நிலையை eservices.tn.gov.in தளத்தில் மனு எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்றால் தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு அனுப்புங்கள். 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள். இந்த எண்ணுள்ள மனுவின் மீது குறுவட்ட அளவர், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ. எழுதிய அறிக்கைகளின் நகல்களும், கோப்பு ஒவ்வொருவருக்கும் வந்த தேதி, போன தேதியும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்த அறிக்கை நகல்கள் மேல்முறையீட்டுக்கும் உதவும்.

அந்த மேல்முறையீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டா பாஸ்புத்தகச் சட்டம் 1983-ன்படி வட்டாட்சியர் நிலையில் வந்த ஆணையை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. ஆர்.ஐ.யின் அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. அது ஆணை அல்ல. இப்போது வந்திருக்கும் நிராகரிப்பை எதிர்த்து நீங்கள் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டியதில்லை. வகையைத் திருத்திப் புது மனுப் போட்டால் போதும். முறைப்படி உட்பிரிவு மனுப் போட்டு, அளந்து, அதன் பிறகும் காரணமில்லாமல் மறுத்தால், ஆணை நகல் கைக்கு வந்தவுடன் தாமதிக்காமல் கோட்டாட்சியரிடம் போங்கள். காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

தனிப் பட்டா வந்ததும் உங்கள் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பழைய கூட்டுப் பட்டாவையும் இறக்கிப் பாருங்கள், அதில் 0.67.0 மட்டும் மீதி இருக்க வேண்டும். விற்றவரின் பெயர் அதில் நீங்கியிருக்க வேண்டும். புலப்படத்தில் புது உட்பிரிவுக் கோடு ஏறியிருக்க வேண்டும். இணையத்தில் ஆணை வந்தும் புலப்படத்தில் கோடு ஏறாமல் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. அப்படி இருந்தால் தாலுகாவின் நில அளவைப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்த பசலியில் வி.ஏ.ஓ. உங்கள் மூவர் பெயரில் நிலவரி ரசீது போடுகிறாரா, அடங்கலில் உங்கள் பயிர் புது உட்பிரிவு எண்ணில் ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.